மஞ்சள் பாலும் மூன்று மணிக் குளிரும்

யுத்த காலத்து மாதுங்காவில் நல்ல பால் குதிரைக் கொம்பு. அப்படியும் பாட்டி தினமும் ராத்திரி ஆளுக்கு அரை டம்ளர் மஞ்சள் பால் காய்ச்சிவிடுவாள். இருமல், தூக்கமின்மை, ஜுரம் மூன்றுக்கும் அதுவே மருந்து என்பது அவள் கட்சி. நான் காலேஜில் ரசாயனம் படிக்க ஆரம்பித்திருந்தேன். அரைகுறைப் படிப்புக்கு வாய் நீளம். ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுகிறேன் என்று ஒரு நோட்டுப் போட்டேன்.

இருமல் வந்தபோது ஒருநாள் மஞ்சள் பால், ஒருநாள் வெறும் சூடான பால் என்று மாற்றிக் குடித்தேன். இரண்டுக்கும் தொண்டை ஒரே மாதிரி இதமாயிற்று. தூக்கமோ எனக்கு எதைக் குடித்தாலும் வந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. மஞ்சள் தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கியது. கொழுப்பில்தான் அது கரையும் என்பதால் பாலில் ஆடைகூட மஞ்சளாயிற்று. பாட்டி அதற்கே "பாத்தியா!" என்றாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கே ஜுரம் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் பல் கிட்டும் குளிர், பிறகு அனல், கடைசியில் வியர்த்துக் கொட்டும். அன்றிரவு மஞ்சளையும் மிளகையும் இரட்டிப்பாகப் போட்டுக் குடிப்பாள். மறுநாள் ஜுரம் இருக்காது. அதற்கடுத்த நாள் மறுபடி வரும். மூன்று வாரத்தில் முகம் வெளுத்து எலும்பும் தோலுமானாள். டாக்டர் என்றாலே, "பால் குடிச்சா மறுநாளே விட்டுடறது, டாக்டர் எதுக்குடா?" என்பாள். எங்கே போய்விடுவாளோ என்று எனக்குப் பயம்.

ஜுரம் வந்த நாட்களைக் குறித்திருந்த நோட்டைப் புரட்டினபோதுதான் உறைத்தது. பால் குடிக்காவிட்டாலும் மறுநாள் ஜுரம் விட்டிருக்குமோ?

"பாட்டி, ஒரு தடவை மாத்திப் பாக்கலாம். ஜுரம் வந்த அன்னிக்குப் பால் வேண்டாம். வராத அன்னிக்கு இரட்டிப்பா போட்டுக் குடி. அப்பவும் மறுநாள் வந்துதுன்னா டாக்டர்கிட்ட வரணும்."

"வராது, பாரேன்."

பால் குடிக்காத இரவுக்கு மறுநாள் ஜுரமில்லை. அன்றிரவு இரட்டை மஞ்சளோடு குடித்தாள். அடுத்த நாள் மூன்று மணிக்குப் பற்கள் தந்தியடித்தன. ஜெயித்த மிதப்பில், நடுங்குகிறவள் முன்னால் நோட்டை நீட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஒப்புக்கொண்டபடி மறுபேச்சில்லாமல் வந்தாள். டாக்டர் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மலேரியா என்றார். அதற்கு மருந்தான கொய்னா மாத்திரை அப்போது லேசில் கிடைக்காது. அப்பா சயான்வரை அலைந்து வாங்கிவந்தார்.

முதல் மாத்திரையைப் பாட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க தாத்தாக்கும் கடைசியிலே இப்படித்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துது. நான் பாலைத்தான் குடுத்துண்டிருந்தேன். டாக்டரைக் கூப்பிடவே இல்லே."

நோட்டை அடுப்பில் போட்டுவிடலாம் போலிருந்தது எனக்கு.

"அது என்ன ஜுரமோ, யாருக்குத் தெரியும் பாட்டி?"

"உன் நோட்டுக்குத் தெரியுமேடா" என்று மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். அந்தக் கசப்புக்கு அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை.