ஸ்பீச்சில் வைத்த டிவி

என் கணவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருவதை முதலில் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுக்காரி. நான் அல்ல. ஒரே தறியில் அவருக்கு வலது கைப் பக்கம் பதினெட்டு வருடம் உட்கார்ந்து சேலைக்குக் கோர்வைக் கரை போட்டவள் நான். ஆனாலும் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை.

உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். மத்தியானம் சாப்பிட்டு முடித்து மறுபடி தறியில் இறங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் டிவி பார்ப்போம். அவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றால் டிவிடியில் ஒரு படம். டிவிடி பிளேயர் எங்கள் பக்கம் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரியின் மகள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"எக்கா, கொயந்த தூங்கசொல்ல டிவிய கொஞ்சம் கம்மியா வெச்சிக்கோங்க. தூக்கித் தூக்கிப் போடுது பச்ச ஒடம்பு. அண்ணனுக்கு இன்னா, காது கேக்கலியா?"

கடைசி கேள்வியை அவள் கேட்காமல் இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், வந்தால் வாய் நிற்காது.

"எங்க வூட்டு டிவி, எங்க வூட்டு கரண்டு. எங்க வூட்டுக்காரருக்கு காது நல்லாத்தான் கேக்குது. உன் வேலயப் பாத்துக்கினு போ."

அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழும்போதெல்லாம் என் காது அங்கேதான் இருக்கும். நானும் இரண்டு பெற்றவள்தானே. ரிமோட்டை எடுத்து நான் சத்தத்தைக் குறைப்பேன். அவர் வாங்கி ஏற்றுவார்.

"பாட்டு கேக்குது. சண்ட கேக்குது. பேசறது மட்டும் முணுமுணுன்னு கீது. நீ கொறச்சிட்டா நான் இன்னாத்த பாக்கறது?"

ஒரு வாரம் இந்த இழுபறி. கடைசியில், அவர் நூல் வாங்கக் காஞ்சிபுரம் போயிருந்த ஒரு நாள், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருந்த டிவி மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொன்னேன். முப்பது வயது இருக்கும், பொறுமையான ஆள். விஷயத்தைச் சொன்னேன். சத்தம் குறைவாக இருக்க வேண்டும், பேச்சு மட்டும் புரிய வேண்டும்.

"அதுக்கு இதுலயே வழி கீதுக்கா" என்று ரிமோட்டை வாங்கிக்கொண்டான்.

டிவியில் சவுண்டு மோட் என்று ஒன்று இருந்தது. எங்கள் டிவி வாங்கிய நாளிலிருந்து மியூசிக்கில் கிடந்திருக்கிறது. அதில் அடிச் சத்தமும் உச்சிச் சத்தமும் தூக்கலாக இருக்குமாம். மனிதர் பேசும் குரல் இரண்டுக்கும் நடுவில் அமுங்கிப் போகுமாம். அதை ஸ்பீச் என்று மாற்றினான். அப்புறம் ஏவிஎல் என்று ஒன்றைப் போட்டுவிட்டான். சீரியல் மெதுவாக ஓடி விளம்பரம் வந்ததும் காதைப் பிளக்குமே, அதைச் சமன் செய்ய அது. டிவிடி பிளேயருக்குள் போய் நைட் மோட் என்பதை ஆன் செய்தான்.

"பட்டப்பகல்ல பாக்கறதுக்கு நைட் மோட் எதுக்கு நைனா?"

"பேருதான்க்கா அப்படி. ராத்திரியில அக்கம் பக்கம் எழுந்துக்காம படம் பாக்கறதுக்குன்னு வெச்சது. குண்டு வெடிக்கிற சத்தத்த அமுக்கிடும், மெதுவா பேசறத மேல தூக்கிவிடும். ரெண்டுக்கும் இருக்கிற ஏத்த எறக்கம் கொறஞ்சிடும். ஆனா இது டிவிடிக்கு மட்டும்தான், அதுவும் எல்லா டிஸ்க்குக்கும் புடிக்காது. கேபிளுக்கு டிவியில பண்ணதுதான்."

போட்டுக் காட்டினான். பாட்டு தகர டப்பாவில் தட்டுவது போல மெலிந்துவிட்டது. ஆனால் பேச்சு ஒவ்வொரு சொல்லாக முன்னால் வந்து நின்றது. திரையில் முப்பத்தெட்டு என்று காட்டிய சத்தத்தைப் பதினாறுக்கு இறக்கினான். பதினாறிலும் புரிந்தது.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்துவது என்று மனப்பாடம் செய்துகொண்டேன். மெனு, கீழே இரண்டு, வலது பக்கம் மூன்று. நாலு முறை அவன் முன்னால் செய்து காட்டினேன். கிளம்பும்போது அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"எக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. முப்பத்தெட்டுன்றது அதிகம். அண்ணன ஒருவாட்டி காது டாக்டராண்ட காட்டிடுங்க. நான் செஞ்சது டிவிக்குத்தான்."

"டிவியப் பாக்க வந்தா டிவியப் பாத்துட்டுப் போ நைனா" என்றேன்.

மறுநாள் மத்தியானம் அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை ஏற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்கி நல்லா கேக்குதே" என்றார். "கேபிள்காரன் ஏதாவது சரி பண்ணியிருப்பான்" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. உண்மையைச் சொன்னால் அவருக்குக் காது குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது அவருக்குப் பெரிய அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். அதோடு என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே கொஞ்சம் மயக்கம். பத்து நாளில் பக்கத்து வீட்டுக்காரி தானாக வந்து ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தாள்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

அந்த இரண்டு வருடத்தில் நான் பார்த்தவற்றை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. தலையணை உறையில் மஞ்சள் கறை. துவைக்கும்போது ஒரு நாற்றம். கோழி இறகை எண்ணெயில் தொட்டு அவர் காதைக் குடைவது. "காதுல காத்து அடச்சிக்கினு கீது" என்று தலையை ஒரு பக்கமாக உதறுவது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அதைத் திமிர் என்று எண்ணி நான் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன்.

தறியிலும் ஒன்று நடந்திருந்தது. கரையையும் உடலையும் தனித்தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை நான் தள்ளிவிட்டு "ம்" என்பேன். அதைக் கேட்டு அவர் சேலை உடலுக்கான நாடாவைத் தள்ளுவார். என்றைக்கு அந்த "ம்" நின்றது, என்றைக்கு நான் நாடாவின் முனையால் தறிமரத்தைத் தட்ட ஆரம்பித்தேன் என்று எனக்கு நினைவில்லை. தட்டினால் மரத்தின் அதிர்வு அவர் கைக்குப் போகும். வேலை தடையில்லாமல் நடந்தது. நானும் யோசிக்கவில்லை.

என்றாவது யோசனை வந்தாலும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். டிவி பதினாறில் கேட்கிறதே, அப்புறம் காதுக்கு என்ன கேடு? என் மாமியார்கூட ஒரு முறை, "அவன டாக்டராண்ட இட்டுக்கினு போயேன்" என்றார். "பதினாறுல வெச்சி பாக்கறாரு அத்த, எனக்கே அது கம்மி" என்றேன். நானே மாற்றி வைத்த எண் அது. அதையே அவருக்குக் காது நன்றாக இருப்பதற்குச் சாட்சியாகக் காட்டினேன். இன்று வரை என்னை நானே மன்னிக்க முடியாத இடம் இதுதான்.

ஐப்பசி மழையில் ஒரு இடி விழுந்து தெருவில் நாலு டிவி போனது. எங்களுடையதும் போனது. அதே மெக்கானிக்கிடம் கொடுத்தோம். நான் தங்கை மகளின் சடங்குக்காக மாகறல் போய் நாலு நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பையை இறக்கி வைக்கும்போது வீட்டுக்குள் சத்தம். டிவி அலறிக்கொண்டிருந்தது. மெக்கானிக் கையில் ரிமோட்டோடு நின்றிருந்தான். இவர் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றாள்.

"ரிப்பேரு பண்றேன்னு சொல்லி கெடுத்துட்டு வந்து கீறான். இன்னா பேசறான்னே புரியல. மூணு நாளா பாக்கறேன்."

"அண்ணே, மெமரி ஐசி மாத்தனேன். டிவியில வேற கோளாறு எதுவும் இல்ல. எனக்கு நல்லா கேக்குதுண்ணே."

"உனக்குக் கேட்டா ஆச்சா?" அவர் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. உனக்குப் புரியுதா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "புரியுதுண்ணா" என்றாள்.

மெக்கானிக்கும் என்னைப் பார்த்தான். ஐசி மாற்றியதில் பழையபடி வைத்ததெல்லாம் அழிந்துபோயிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சத்தத்தைப் பதினாறுக்கு இறக்கி, மெனுவுக்குள் போய் ஸ்பீச்சில் வைத்தான். இவர் திரையையே பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

"ஆங், இப்ப சரி. இதத்தான கேட்டேன். இன்னா பண்ண?"

"முன்னாடி இருந்த மாதிரி வெச்சேண்ணே."

"முன்னாடி யார் வெச்சது?"

"நான்தான்" என்றேன். முதல் முறை அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் முன்னால் நான் இரண்டாம் முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எல்லாரும் போன பிறகு மெதுவாகத்தான் கேட்டார். "ரெண்டு வருசமா உனக்குத் தெரியுமா?" அப்புறம், "எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

மறுவாரம் காஞ்சிபுரத்தில் காது டாக்டரிடம் போனோம். இரண்டு காதிலும் சீழ் பிடித்து வெகுநாள் ஆகியிருந்தது. இடது காதில் சவ்வில் ஓட்டை, அடைக்கலாம். வலது காதுக்குள் இருக்கும் சின்ன எலும்புகளை நோய் அரித்துவிட்டிருந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் மூளைக்கு ஏறும். செய்தாலும் அந்தக் காதில் இனிமேல் கேட்காது என்றார். ஒன்றரை வருடம் முன்னால் வந்திருந்தால் எலும்பைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அதை டாக்டர் மெதுவாகச் சொன்னார், எனக்கு மட்டும் கேட்டது. இவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

சென்னையில் ஆபரேஷன் ஆகித் தலையில் கட்டோடு வீட்டுக்கு வந்த மத்தியானம், வழக்கம்போல டிவியைப் போட்டேன். அவர் ரிமோட்டைக் கேட்டு வாங்கினார்.

"இத எப்படி மாத்தறது, சொல்லு."

சொன்னேன். மெனு, கீழே இரண்டு. மற்றதை அவரே தடவித் தடவிக் கண்டுபிடித்து ஸ்டாண்டர்டில் வைத்தார். சத்தத்தை ஏற்றவில்லை. படத்தில் வாய்கள் அசைவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"உங்களுக்கு ஒண்ணும் புரியாதேங்க" என்றேன் அவர் இடது பக்கம் குனிந்து.

"புரியாதது புரியலன்னு எனக்குத் தெரியட்டும்" என்றார்.

இடது காதின் ஓட்டையையும் அடைத்த பிறகு அதில் ஓரளவு கேட்கிறது. டிவியை அவரே சில நாள் ஸ்பீச்சில் வைத்துக்கொள்கிறார், சில நாள் அணைத்துவிடுகிறார். நான் ரிமோட்டைத் தொடுவதில்லை. தறியில் நான் உட்காரும் பக்கத்தை மாற்ற வழியில்லை, அது அவருடைய வலது பக்கம்தான், கேட்காத காதின் பக்கம். மரத்தைத் தட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். நாடாவைத் தள்ளிவிட்டு "ம்" என்று தொண்டை கிழியச் சொல்கிறேன். கேட்டால் நெய்கிறார், கேட்காவிட்டால் திரும்பிப் பார்க்கிறார், நான் மறுபடி சொல்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.