அளவு தெரியாத தவளை

ரத்தோட்டையில் ஆட்டோ ஓட்டுகிறேன். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் பறவை, தவளை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போய், அவர்கள் குனிகிற இடத்தில் நானும் குனிந்து படமெடுக்கப் பழகினேன். அப்படிப் படமெடுக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் சேர்ந்தேன்.

அந்தத் தவளையை முதலில் கண்டது என் மனைவி. அவள் தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலைக்குக் கீழே, ஓடையோரத்தில் ஏலக்காய்ச் செடிகள் மண்டிக்கிடக்கும் பள்ளம். அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக நான் காத்திருந்த காலையில், "இங்க வாங்க, இத பாருங்க" என்று கூப்பிட்டாள். இலையில் உட்கார்ந்திருந்தது. மங்கிய பழுப்பு நிறம், கண்ணுக்குப் பின்னால் கறுப்புக் கோடு. தவளையும் அந்த இலையும் மட்டும் தெரிய, கிட்டப் போய் இரண்டு படம் எடுத்தேன். அது துள்ளி மறைந்தது. நாங்களும் கிளம்பிவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் பள்ளத்தை வெட்டிச் சுற்றுலா பங்களாக்களுக்குப் பாதை போடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. எனக்குத் தவளை ஞாபகம் வந்தது. படங்களைக் குழுவில் போட்டேன். அன்றைக்கே குழுவிலிருந்த ஒரு பெண் போன் செய்தார். மாத்தளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் பெண், தவளைகளை ஆராய்கிறவர்.

"அண்ணே, இது எப்ப எடுத்தது?"

"ரெண்டு மாசம் இருக்கும் மிஸ்."

"தேதி வேணும். வாட்ஸ்அப்ல வந்தா படத்தோட ஒட்டியிருக்கிற தேதியெல்லாம் போயிரும். ஒரிஜினல் இருக்கா?"

இல்லை. குழுவில் போட்ட கையோடு, போன் நிறைந்துவிட்டதென்று அழித்திருந்தேன். பிறகு மனைவிக்குக் கிளினிக்கில் தேதி போட்டு எழுதிக்கொடுக்கும் கொப்பியைத் தேடி எடுத்தோம். அந்தக் காலையின் தேதி அதில் இருந்தது. இடத்தையும் சொன்னேன்: ஓடையிலிருந்து நாலு எட்டு, ஏலக்காய் இலை, இடுப்பு உயரம், மேலே மர நிழல், முந்தின நாள் மழை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"உடம்பு என்ன நீளம்? மூக்கு நுனியில இருந்து பின்பக்கம் முடியிற வரைக்கும்."

"பெருவிரல் அளவு இருக்கும் மிஸ்."

"யாரோட பெருவிரல் அண்ணே?" அவர் சிரிக்கவில்லை. "இதே மாதிரி ரெண்டு இனம் இருக்கு. ஒண்ணு பல எடத்துலயும் இருக்கிறது. மத்தது ரொம்ப அரிது, வளந்தாலும் சின்னதுதான். பெருசோட குட்டியும் சின்னதோட வளந்ததும் படத்துல ஒண்ணுபோலத் தெரியும். பக்கத்துல அதே மட்டத்துல ஒரு காசு, ஒரு அடிக்கோல் இருந்திருந்தா போதும். தொடவே தேவையில்ல. அடிவயித்த வெச்சும் பிரிக்கலாம், அந்தப் படமும் இல்ல. உறுதி இல்லாம, பாதைய நிறுத்தச் சொல்லி நான் வனவிலங்கு ஆபீசுக்கு எழுதினா, ஒரே கேள்வியில தூக்கிப் போட்டிருவாங்க."

படத்தை மறுபடி பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "அந்த இலையில ஓரமா ஒரு பெரிய ஓட்டை தெரியுது. முத்தின இலை, இனி பெருசாகாது. அதே இலை இன்னும் இருந்தா அகலத்த அளந்து, படமும் எடுத்து அனுப்புங்க. அத வெச்சு தவளைய கணக்குப் பண்ணிரலாம்."

மகளின் பென்சில் பெட்டியிலிருந்து அடிக்கோலை எடுத்துக்கொண்டு ஆட்டோவை விரட்டினேன்.

பள்ளத்தில் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. முந்தின நாளே ஆள் வைத்து வெட்டியிருந்தார்கள். ஏலக்காய்ச் செடிகள் ஓடைக்குள் குவிந்து கிடந்தன, தண்ணீர் மண்ணாகக் கலங்கி நின்றது. மாலை வரை குவியலைக் கிளறினேன். ஓட்டையுள்ள இலைகள் எத்தனையோ கிடந்தன, எல்லாம் சுருண்டு வாடியிருந்தன. ஒன்று மட்டும் அதுபோலவே இருந்தது. அளந்து, படமெடுத்து அனுப்பினேன்.

போன் வந்தது. "அண்ணே, இதுதான் அந்த இலையின்னு நிச்சயமா சொல்ல முடியுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னதைத்தான் அவர் எழுதியிருப்பார், கடிதமும் போயிருக்கும். வாய் வரைக்கும் வந்தது.

"முடியாது மிஸ்."

"சரி அண்ணே" என்றார். அவ்வளவுதான். அவர் எழுதிவைத்த பதிவில் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. இனம் என்ற இடத்தில் 'உறுதி செய்யப்படவில்லை' என்று மட்டும்.

பிறகு மழை பெய்த காலைகளில் ஓடையின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் தேடினேன். மனைவியும் வந்தாள். கண்ணுக்குப் பின்னால் கறுப்புக் கோடுள்ள எதுவும் அகப்படவில்லை. ஒருநாள் திரும்பி ஏறும்போது அவள் கேட்டாள், "அது சாதாரணத் தவளையாவே இருந்திருந்தா?"

அப்படியானால் எதுவும் போய்விடவில்லை. அந்த அரிய இனம்தான் என்றால், நான் படமெடுத்ததே கடைசித் தவளையாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. கீழே பாதை போடும் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது.