பட்டை போட்ட சுவர்

சூளைத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தே உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடுவேன். விருத்தாசலத்தில் செராமிக் தொழில் செய்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மண் சுமந்தேன், அச்சு அடித்தேன், பிறகு பியூஸ் கட்டையும் கரண்டு கம்பத்துப் பீங்கானும் சுடுகிற சொந்தக் கம்பெனி வைத்தேன். இதையெல்லாம் யாரும் கேட்காவிட்டாலும் நானே சொல்லுவேன். என் கல்யாண மண்டபத்தின் முன்சுவரைப் பற்றி மட்டும் நானாக வாய் திறந்ததில்லை.

ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் ப்ளெக்ஸ் போர்டு முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. கருவேப்பிலங்குறிச்சி போகிற சாலையில் மண்டபம் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தது, கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆபீஸ் வைத்திருந்த பெண். கட்டட வேலை படித்தவள். புருஷனும் அவளுமாக நடத்தினார்கள். நீல வானம், வெள்ளைக் கட்டடம், வாசல் முகப்பில் இடைவெளி விட்டு நீட்டிய கான்கிரீட் கட்டைகள். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, கட்டைகளுக்குக் கீழே சுவரில் சாய்வாக ஓடிய கருத்த பட்டைகள். அதை எத்தனை பேரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேனோ தெரியாது.

சுவர் எழும்பியதும், கம்பத்துப் பீங்கானுக்குப் பூசுகிற அதே பழுப்பு மெருகைப் பூசி, என் சூளையிலேயே நீள ஓடுகள் சுட்டு எடுத்தேன். கொத்தனார் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

“மொதலாளி, பிளான்ல இந்தப் பட்டை இல்லீங்களே.”

“கலர் படத்துல இருக்குதா இல்லியா?”

“இருக்குது.”

“அப்ப ஒட்டு. பிளானு ஆபீஸுக்குக் காட்றதுக்கு. படம் நமக்கு.”

ஒட்டிவிட்டார். அதற்கப்புறம்தான் முகப்புக் கட்டைகளுக்குக் கான்கிரீட் போட்டார்கள். சாரமும் பலகையுமாக அந்த இடம் மூடிக்கிடந்தது.

மண்டபத்துக்கு ஆள் வருவது மாலை ரிசப்ஷனுக்குத்தானே. பஸ் ஸ்டாண்டில் வைக்கிற போர்டில் வெயில் அடிக்கும் படம் எதற்கு, பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றிய மாதிரி வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “ஆனா கட்டடத்துல ஒரு நூல் கூட மாறக் கூடாதும்மா. இந்தப் படத்தக் காட்டித்தான் முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கேன்” என்று அழுத்திச் சொன்னேன்.

“கட்டடத்தத் தொடவே மாட்டேங்க. பாக்கற எடமும் அதேதான். சூரியன அணைச்சிட்டு, வானத்த மாத்தி, உள்ள இருக்கற லைட்டப் போடப் போறேன், அவ்ளோதான்” என்றாள்.

“எதுக்கும்மா அவ்ளோ வேலை? இதே படத்த நீலமா இருட்டடிச்சிட்டாப் போதாதா?”

“வெயில் படத்த அப்படியே இருட்டாக்கினா வெயிலோட நெழலும் அதுலயே நிக்குங்க. சூரியனே இல்லாம நெழல் எப்படி விழும்? பார்த்ததும் பொய்னு தெரிஞ்சிடும்.”

காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

படம் தயார் என்று போன் வந்த அன்று என் சம்பந்தி நல்லூரிலிருந்து வந்திருந்தார். அவர் வீடு கட்டுகிற யோசனையில் இருந்தார். வரைபடத்திலிருந்து கலர் படம் வரை இந்தப் பெண்ணிடமே கொடுக்கச் சொன்னது நான். “நான் பாத்துப் புடிச்ச ஆளு சம்பந்தி” என்று சொல்லி மாடி ஏற்றினேன்.

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தாள். வானம் கத்தரிப்பூ நிறத்தில், அடியில் கொஞ்சம் செம்மை. பகலில் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்ற கண்ணாடிக்குள் இப்போது கூடமும் மாடிப்படியும் மஞ்சளாகத் தெரிந்தன. சம்பந்தி “அடேயப்பா” என்றார். நான் சுவரைப் பார்த்தேன். பட்டையைக் காணோம்.

“பட்டை எங்க?”

“எந்தப் பட்டைங்க?”

“சொவத்துல இருந்த பட்டை! யாரக் கேட்டும்மா எடுத்த?”

அவள் விழித்தாள். பிறகு பகல் படத்தின்மேல் மாலைப் படத்தை வைத்து, மெல்ல ஒன்றை மங்கவைத்து இன்னொன்றைத் தெளியவைத்துக் காட்டினாள். ஜன்னல் மேல் ஜன்னல், தூண் மேல் தூண், ஒரு கோடு நகரவில்லை. பட்டைகள் மட்டும் கரைந்து போயின. “ஐயா, அது வந்து...” என்று ஆரம்பித்தாள். என்னைப் பேச விடாமல் செய்ய யாராலும் முடியாது.

“கம்ப்யூட்டருல நீ என்ன வேணாலும் காட்டுவ. நான் படிக்காதவன்னு நெனச்சியா? ஒரு நூல் மாறக் கூடாதுன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். இது திருட்டு வேலை. வாங்க சம்பந்தி.”

அவள் புருஷன் எழுந்து நின்றுவிட்டான். அவள் கையமர்த்தினாள். படியிறங்கும்போது சம்பந்தி என் காதருகே, “நல்லவேள, இன்னும் நான் கைநீட்டி ஒண்ணும் குடுக்கல. சொன்ன பேச்சு மாத்துறவங்க நமக்கு எதுக்கு?” என்றார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அவரை நல்லூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு மண்டபத்துக்குப் போனேன்.

அன்று காலையில்தான் முகப்பில் பலகைகளைப் பிரித்திருந்தார்கள். தை மாதத்துச் சாய்ந்த வெயில் வலப்பக்கமிருந்து சுவரில் அடித்தது. என் பழுப்பு ஓடுகள் வலப்பக்கமாகச் சாய்ந்து இறங்கின. கான்கிரீட் கட்டைகளின் நிழல், அதே அகலத்தில், இடப்பக்கமாகச் சாய்ந்து அவற்றின் மேலே விழுந்திருந்தது. சுவர் பாய் பின்னினது போல இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். வெயில் இறங்க இறங்க நிழல் நகர்ந்தது. ஓடு நகரவில்லை.

கொத்தனார் பக்கத்தில் வந்து நின்றார். சுவரை அண்ணாந்து பார்த்தார். பேசியிருந்தால் அவரையாவது திட்டியிருப்பேன்.

மறுநாள் தனியாக மாடி ஏறினேன். மன்னிப்பு என்ற சொல் என் வாயில் பழக்கமில்லை. “அது நெழலாம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஆமாங்க. படம் அழகா வரட்டும்னு வெயில இடப்பக்கத்துலேர்ந்து அடிக்கிற மாதிரி வெச்சிருந்தேன்.”

“நான் ஓடு சுட்டு ஒட்டிட்டேன்.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டாள். “அது ஒங்க சொவரு, நீங்க பாத்துக்குவீங்க. அந்தப் பெரியவர் முன்னாடி திருட்டு வேலைன்னு சொன்னீங்களே. அவரு வூட்டு வேலைய நம்பித்தான் நாங்க புது கம்ப்யூட்டருக்குச் சொல்லி வெச்சிருக்கோம். அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க ஐயா. எங்களுக்கு ஊர்ல பேருதான் எல்லாம்.”

போனில் சொல்லியிருக்கலாம். போனை எடுத்து எடுத்து வைத்தேன். கடைசியில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நல்லூர் போனேன். மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. எப்போது போனாலும் என் சூளைக் கதையைச் சொல்லி உட்காரவைக்கிற வீடு. கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மகள் காபி கொண்டுவந்தாள்.

“சம்பந்தி, அந்தப் பொண்ணு எதையும் மாத்தல. தப்பு என்னோடது. சொவத்துல விழுந்த நெழல நான் பட்டைன்னு நெனச்சிட்டேன்.”

“அதனால என்ன, கண்ணுக்கு யாருக்கும் அப்படித்தானே...”

“நெனச்சதோட உடல. ஓடு ஒட்டிட்டேன்.”

சம்பந்தியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அப்படியும் அடங்கவில்லை. “நெழலுக்கா? நெழலுக்கா அண்ணே ஓடு ஒட்டினீங்க?” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மருமகன் வெளியே எழுந்து போனார். வாசலில் அவர் சிரிப்பதும் கேட்டது. என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. காபித் தட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றாள். இத்தனை வருஷம் இந்த வீட்டில் என்னைச் சொல்லித்தான் அவள் தலைநிமிர்ந்து இருந்தாள்.

சம்பந்தி சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். “சரி. அந்தப் பொண்ணுகிட்டயே வேலையக் குடுத்துடறேன். நாளைக்கே போயிச் சொல்லிட்டு வரேன்” என்றார். எனக்கு மூச்சு வந்தது.

“நானும் வரேன் சம்பந்தி.”

“வேணாங்க” என்றார், மரியாதையாக. “நான் மட்டும் போயிட்டு வரேன். நீங்க வந்தா அந்தப் பொண்ணு பேசாது.”