மீன்தொட்டிக்கு அடியில் வந்த தண்ணீர்

வயர்மேன் முத்துலிங்கத்திடம் எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும் முதலில் அதன் மூடியைக் கழற்றுவான். பிறகுதான் அது என்ன பெட்டி என்று கேட்பான். லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலை மோட்டார்களோடு வளர்ந்து, கலியாணமான கையோடு ஹட்டனுக்கு வந்து சொந்தமாக வயரிங் வேலை பிடித்தவன். வீட்டில் ஒரு வானொலி உண்டு. அது பாடிய நாளைவிடப் பிரிந்து கிடந்த நாள்தான் அதிகம். அதற்காக அவன் மனைவி பூரணி திட்டாத திட்டில்லை.

அப்படிப்பட்டவன் கையில் ஜமால்தீன் முதலாளி ஒரு மீன்தொட்டியைக் கொடுத்தால் கேட்கவா வேண்டும்?

ஒரு வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போனபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். ஜமால்தீன் தன் சாப்பாட்டுக் கடையில் ஆட்கள் உட்காரக் கதிரை வாங்கப் போனார். வரும்போது கண்ணாடித் தொட்டி, அதன் மேல்விளக்கு, காற்று ஊதும் பம்பு, மணிக்கூடு வைத்த ஒரு தகரப் பெட்டி எல்லாம் வண்டியில் இருந்தன. கதிரையைக் காணோம்.

அந்தத் தகரப் பெட்டிதான் முத்துலிங்கத்தைக் கட்டிப்போட்டது. முகத்தில் மெல்லச் சுற்றும் வட்டத் தட்டு. அதன் ஓரத்தில் இரண்டு சின்ன முள். ஒரு முள் வந்து தட்டினால் பெட்டியின் பிளக் பொயின்டுகளுக்குக் கரண்டு வரும், மற்ற முள் வந்தால் நின்றுவிடும். கடை திறக்கும்போது விளக்கும் பம்பும் தானாக ஓட வேண்டும், கடை மூடியதும் தானாக நிற்க வேண்டும் என்றார் ஜமால்தீன். கடைக்குப் பின்னால்தான் குடும்பம் இருந்தது. பம்பு இரவெல்லாம் வண்டு மாதிரி இரைந்தால் தூக்கம் எங்கே வரும் என்று அவர் மனைவி சாரா உம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

முத்துலிங்கம் தொட்டியை மேசைமேல் வைத்தான். பம்பையும் தகரப் பெட்டியையும் கண்ணில் படாமல் மேசையின் கீழ்ப்பலகையில் ஒளித்து வைத்து, பம்பின் காற்றுக் குழாயை மட்டும் தொட்டிக்குள் இறக்கினான். பம்பின் முதுகில் இரும்பு வளையம் ஒன்று இருந்தது. அது எதற்கு என்று கொஞ்சம் யோசித்தான். தூக்கிக்கொண்டு போவதற்காக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

தண்ணீர் நிரப்பி மீன் விட்ட முதல் வாரம் கடையில் இடமில்லை. தேநீர் ஆறிப்போவது தெரியாமல் மீனைப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் அம்மாக்கண்ணு வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றாள். காலையில் கடை கழுவித் துடைப்பவள் அவள். முன்பு கொழுந்து பறித்தவள், புருஷன் போனபின் டவுனுக்கு வேலைக்கு வந்தவள்.

"மொதலாளி, அந்த மேசைய நான் தொடைக்க மாட்டேங்க. மீனு கடிக்குது."

கடையே சிரித்தது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த முத்துலிங்கமும் சேர்ந்து சிரித்தான்.

"கண்ணாடிக்குள்ள இருக்கிற மீனு ஒன்ன எப்பிடி அம்மாக்கண்ணு கடிக்கும்?" என்றார் ஜமால்தீன்.

"எப்பிடின்னு எனக்குத் தெரியாதுங்க. காலையில அடிப்பலகைய ஈரத்துணியால தொடச்சா கை வெடுக்குனு இழுக்குது. நேத்து முழங்கை வரைக்கும் ஏறிடுச்சு. பலகையில தண்ணி வேற நிக்குது."

"அது பனித் தண்ணி. ஹட்டன்ல எதுதான் நனையாம இருக்கு? தொடைக்க ஏலாதுன்னா திங்கக்கெழமையில இருந்து வேற ஆளப் பாக்குறேன்."

அம்மாக்கண்ணு வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனாள். அந்தத் தேய்ப்பைப் பார்த்ததும் முத்துலிங்கத்துக்குச் சிரிப்பு நின்றுபோனது. கரண்டு அடித்த கையை அப்படித்தான் தேய்ப்பார்கள். அவனே எத்தனை முறை தேய்த்திருக்கிறான். அந்த வயரை இழுத்தவனும் அவன்தான். தலைகுனிவாக இருந்தது. பயமும் வந்தது. வெறுங்காலோடு ஈரச் சிமெந்தில் நிற்கிறவள். இன்றைக்கு முழங்கை, நாளைக்கு நெஞ்சு.

எழுந்து போய்த் தொட்டியின் அடியைத் தடவினான். கண்ணாடி மூலையெல்லாம் உலர்ந்துதான் இருந்தது, ஒழுக்கே இல்லை. கீழ்ப்பலகையும் இப்போது காய்ந்திருந்தது. பனி என்றால் பக்கத்து மேசையும் நனைய வேண்டுமே? பின்கட்டுக்குப் போனான்.

"அக்கா, மத்தியானம் தொட்டா இழுக்குதா?"

"இல்ல தம்பி. காலையில மட்டுந்தான். பம்பு பாட ஆரம்பிச்ச ஒடனே."

இரவில் நிற்கிறது, காலையில் ஓடுகிறது. நிற்கும்போதுதான் ஏதோ நடக்கிறது. இரவு வரும்வரை காத்திருக்க அவனுக்குப் பொறுமை ஏது? தகரப் பெட்டியின் வட்டத் தட்டை விரலால் சுற்றி, பட்டப்பகலில் கடைக்கு இரவை வரவழைத்தான். விளக்கு அணைந்தது. பம்பு அடங்கியது. குமிழிகள் நின்றன.

"எல்லாரும் மேசைய விட்டுத் தள்ளி நில்லுங்க," என்றான். கடையில் இருந்தவர்கள் தேநீர்க் கோப்பையும் கையுமாகச் சுற்றி நின்றார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அம்மாக்கண்ணுதான் முதலில் பார்த்தாள்.

"தம்பி, கொழாயில தண்ணி ஏறுது!"

ஏறிக்கொண்டுதான் இருந்தது. தொட்டிக்குள் கிடந்த காற்றுக் குழாய்க்குள் தண்ணீர் நுழைந்து, விளிம்பைத் தாண்டி, வெளியே இறங்கியது. பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெய் இறக்க ரப்பர் குழாய் போடுகிறோமே, அதே வேலை. காற்று ஊதும்வரை தண்ணீர் உள்ளே வர வழியில்லை. காற்று நின்றதும், தொட்டியைவிடத் தாழ்வாக உட்கார்ந்திருந்த பம்பு தண்ணீரை இழுத்துக்கொண்டது. பம்புக்குள் அதைத் தடுக்க வேண்டிய ரப்பர் மடிப்பு பழசாகித் தேய்ந்திருந்தது. அதன் இடுக்கில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, பலகையில் ஓடி, தகரப் பெட்டியின் அடிக்குள் போனது.

முத்துலிங்கம் தரையில் ஒரு காய்ந்த மரத்துண்டைப் போட்டு அதில் ஏறி நின்று, தட்டைப் பகலுக்குத் திருப்பிவிட்டு, கரண்டு பார்க்கும் டெஸ்டரைத் தகரத்தில் வைத்தான். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. சுவர் பிளக்கை உடனே பிடுங்கினான்.

"மீனு இல்லக்கா. நான்தான் ஒங்களக் கடிச்சிருக்கேன்," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

பெட்டியைப் பிரித்துத் துடைத்து, பக்கத்தில் ரொட்டி சுடும் வெதுப்பகத்துச் சூட்டில் ஒரு நாள் முழுக்கக் காய வைத்தான். பிறகு எல்லாவற்றையும் புதிதாகச் செய்தான். பம்பின் முதுகில் இருந்த வளையம் எதற்கென்று இப்போது புரிந்தது. பம்பைத் தொட்டித் தண்ணீருக்கு மேலே சுவர் ஆணியில் மாட்டினான், தண்ணீர் இனி அங்கே ஏறாது. தகரப் பெட்டியைத் தொட்டிக்கு நேர் மேலே வைக்காமல், மீன் துள்ளினாலும் தெறிக்காத தூரத்தில் பக்கச் சுவரில் அடித்தான். விளக்கு வயரும் பம்பு வயரும் பிளக்குக்கு ஏறுமுன் ஒருமுறை கீழே தொங்கி வளையும்படி விட்டான். வயரோடு வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மூன்றாவது வயர் ஒன்று இழுத்துத் தகரத்துக்கு எர்த் கொடுத்தான், கரண்டு கசிந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போய்விடும். தொட்டிக்குக் கண்ணாடி மூடியும் போட்டான்.

திங்கட்கிழமை காலை தட்டு சுற்றி முள் தட்டியது. விளக்கு எரிந்தது, பம்பு பாடியது. பலகை காய்ந்து கிடந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தான், எரியவில்லை.

"ம், எல்லாம் சரியாப் போச்சு. இனி மேசையத் தொடை அம்மாக்கண்ணு," என்றார் ஜமால்தீன்.

அம்மாக்கண்ணு ஈரத்துணியைப் பிழிந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க தொடைங்க மொதலாளி. வெறும் பனித் தண்ணிதானே."

ஜமால்தீனின் கை கல்லாவை விட்டு எழவில்லை. துணியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தன் காலில் இருந்த செருப்பையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

முத்துலிங்கம் செருப்பைக் கழற்றி வைத்தான். ஈரச் சிமெந்தில் இறங்கி அவள் கையிலிருந்த துணியை வாங்கினான். மேசையை, கீழ்ப்பலகையை, மேசைக் கால்களை, மூலை முடுக்கெல்லாம் துடைத்தான். அம்மாக்கண்ணு இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஓரம் விட்டுப்போச்சு தம்பி," என்றாள்.