நகர்ந்துகொண்டே இருந்த நட்சத்திரம்

எனக்குப் பொறுமை கிடையாது. கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை பார்ப்பவளுக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. ஆனாலும் எழுபதுகளில் செங்கல்பட்டில் அந்த வேலையைத்தான் பார்த்தேன். என்னோடு இன்னொரு டெமான்ஸ்ட்ரேட்டர், சதுரங்கப்பட்டினத்துக்காரர். அவருக்கும் பொறுமை கிடையாது. ஆகவே நன்றாக ஒத்துப்போயிற்று.

எங்கள் இயற்பியல் துறைத் தலைவருக்கு ஒரு வானாய்வுக் கூடத்தில் நண்பர் உண்டு. அவரிடமிருந்து வானத்தைப் படமெடுத்த மூன்று கண்ணாடி பிளேட்டுகள் வந்தன. மூன்றிலும் வானத்தின் ஒரே மூலை. ஒன்று மார்ச்சில் எடுத்தது, ஒன்று செப்டம்பரில், ஒன்று அடுத்த மார்ச்சில். நடுவில் அம்புக்குறி போட்டிருந்த மங்கலான நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன் பெயரைத் தலைவர் சொல்லவில்லை. "திங்கட்கிழமைக்குள் சரியான விடை வந்தால் பையன்களுக்கு இதைப் பிராக்டிகலாக வைப்போம். இல்லையென்றால் பிளேட்டுகள் திரும்பிப் போகும்" என்றார். ஸ்பிரிங்கையும் ஊசலையும் வருஷா வருஷம் கட்டி அழுத எனக்கு அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் பரபரத்தது.

செய்ய வேண்டியது சுலபம்தான். ஆறு மாதத்தில் பூமி சூரியனுக்கு மறுபக்கம் போய்விடுகிறது. அங்கிருந்து பார்த்தால், பக்கத்து நட்சத்திரம் வெகுதூரத்து நட்சத்திரங்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் மாறித் தெரியும். அந்த மாற்றத்தில் பாதிதான் நமக்கு வேண்டிய கோணம். கோணம் பெரிதானால் நட்சத்திரம் கிட்டே, சிறிதானால் தூரத்தில்.

மார்ச், செப்டம்பர் பிளேட்டுகளை டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் வைத்து அளந்தோம். மூன்றாவது பிளேட்டைத் தொடவே இல்லை. அடுத்த மார்ச்சில் பூமி பழைய இடத்துக்கே வந்துவிடுகிறதே, அதில் என்ன புதிதாகத் தெரியப்போகிறது?

சனிக்கிழமை விடை வந்தது. ஒரு ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேல்! சூரியனுக்கு அடுத்து மிக அருகே இருக்கிற நட்சத்திரமே நாலு ஒளியாண்டுக்கு அப்பால் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. "மேடம், இது பக்கத்து வூடு மேடம்!" என்று சதுரங்கப்பட்டினத்துக்காரர் கத்தினார். இருவரும் தலைவர் அறைக்கு ஓடினோம். அவர் கணக்கைப் பார்த்தார், சிரித்தார், "திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது" என்றார். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்.

மறுநாள் என் கூட்டாளியின் அக்கா குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று சதுரங்கப்பட்டினம் போயிருந்தேன். சாப்பாடு ஆனதும் இருவரும் கடற்கரையில் போய் நின்று அந்த விடையைப் பற்றிச் சண்டை போட்டோம். முறை தப்பு என்றேன் நான். அளந்தது தப்பு என்றார் அவர். முறையைச் சோதித்துவிடுவோம் என்று கடலில் தெரிந்த ஒரு கட்டுமரத்தைக் குறியாக வைத்துக்கொண்டோம். அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் ஒரு கப்பல் நின்றது. கட்டுமரம் கப்பலுக்கு நேராக இருந்தது. நான் டச்சுக் கோட்டைப் பக்கம் விறுவிறுவென்று நடந்துபோய்ப் பார்த்தேன். கட்டுமரம் கப்பலை விட்டு எங்கேயோ தள்ளித் தெரிந்தது. சரிதானே என்று அவர் நின்ற இடத்துக்கே திரும்பி வந்தேன். கட்டுமரம் கப்பலுக்கு நேராக வரவில்லை. இன்னும் தள்ளிப் போயிருந்தது.

"நான் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன், அது வரவில்லையே!" என்றேன்.

"அது போய்க்கினு கீது மேடம், மீன் புடிக்க" என்றவர் அப்படியே நின்றார். "ஐயோ! நம்ம நட்சத்திரமும் போய்க்கினு கீது!"

மணலிலேயே குதித்தேன். பெயர் சூட்ட வந்து கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை கூடத்தைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றோம். மார்ச்சுக்கு மார்ச் பூமி அதே இடம். ஆகவே அந்த ஒரு வருஷத்தில் நட்சத்திரம் நகர்ந்ததெல்லாம் அதன் சொந்த ஓட்டம். மூன்றாவது பிளேட் சொன்ன அந்த ஓட்டத்தில் ஆறு மாதத்துக்கு உரிய பாதியை, வடக்கு தெற்கு தனி, கிழக்கு மேற்கு தனியாக, செப்டம்பர் கணக்கிலிருந்து கழித்தோம். அவ்வளவு பெரிய மாற்றத்தில் முக்கால்வாசிக்கு மேல் காணாமல் போயிற்று. வடக்கு தெற்கில் ஒன்றுமே மிஞ்சவில்லை. கிழக்கு மேற்கில் மட்டும், மைக்ராஸ்கோப்பின் வெர்னியர் அளவுகோலில் அஞ்சாறு கோடு அளவுக்கு, பூமி இடம் மாறியதால் வந்த ஒரு துளி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை அன்றுதான் நான் கண்ணால் பார்த்தேன். மகிழ்ச்சியில் கூட்டல் இரண்டு முறை தப்பாயிற்று. விடை ஆறு ஒளியாண்டு.

தலைவரைக் கூப்பிட்டோம். அவர் விடையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். திருகைத் திருகினார். மறுபடி திருகினார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. வகுப்புக்கு அழைக்க வந்த பியூனைக் கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

"சார், நாங்கள் இன்னொரு தடவை அளந்து பார்க்கணும்" என்றேன்.

"பிராக்டிகலுக்குப் பையன்களே முப்பது பேர். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள்" என்றார், குனிந்த தலையை நிமிர்த்தாமலே.