காலனுக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு பெயர்

என் தங்கை வீட்டுக்காரர் இறந்துபோய் வருஷ திதியும் கொடுத்து முடித்த பிறகும், அவள் கிரிவலம் வரவில்லை. அதற்கு முன்னால் எத்தனையோ பௌர்ணமிக்கு நாங்கள் நாலு பேரும் சேர்ந்துதான் மலையைச் சுற்றினோம். அவரும் அவளும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவார்கள், நானும் என் மனைவியும் வேங்கிக்காலிலிருந்து போவோம். அவருக்குக் கணீரென்ற குரல். முன்னால் நடந்து போற்றி சொல்லிக்கொண்டே போவார், நாங்கள் பின்னால் வாங்கிச் சொல்வோம்.

திதி முடிந்த அடுத்த வாரம் அவளிடம் கேட்டேன். "வரமாட்டேண்ணா" என்றாள். "நடக்கறது கஷ்டமில்ல. வாயில என்னா சொல்லிக்கினு நடப்பேன்? அந்தப் போற்றிய எடுத்தா அவர் குரல்தான் வருது."

"வேற போற்றி சொல்லலாம்."

"எது?"

"நான் எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை மூடுவதற்குள் பயம் வந்துவிட்டது. நான் பத்தாவது பெயில். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை வந்தால் குறை தீர்க்கும் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். எனக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான். ஆனால் வீட்டைத் தாண்டியே வராத தங்கையை மறுபடியும் மலையடியில் நடக்க வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டினேன். ஒரு துண்டுக்கு ஒரு பெயர், மொத்தம் நூற்றெட்டு. முதல் நாள் எழுதின நாற்பதையும் என் மனைவி படித்துப் பார்த்தாள். "நோய் தீர்ப்பாய், வழக்கு தீர்ப்பாய், பட்டா தருவாய்... என்னாங்க இது, அண்ணாமலையாருக்கே மனு எழுதியிருக்கீங்க. கீழ ஒரு கையெழுத்தும் போட்டுடுங்க."

பட்டா என்று நான் எழுதவில்லை. ஆனால் மற்றது உண்மைதான். பெயர் என்றால் அவர் யார், எப்படி நிற்கிறார், என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியதைச் சொல்லக் கூடாது. முப்பது துண்டைக் கிழித்துப் போட்டேன்.

நடந்துகொண்டே சொல்லப் போவதால் மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்களையே வரிசையாக வைத்துக்கொண்டேன். இந்திர லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் வரும்வரை அரசாளும் பெயர்கள். அக்னிக்குச் சுடரும் சோதியும். எமனுக்கு மரணத்தை வென்ற பெயர்கள். நிருதிக்குப் பயத்தைப் போக்கும் பெயர்கள். வருணனுக்குக் கங்கை, வாயுவுக்கு மூச்சு, குபேரனுக்குக் கொடை, ஈசான்யத்துக்கு முக்தி. கடை மேசையில் எட்டுக் குவியல், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். மின்விசிறி போட முடியாது, துண்டெல்லாம் பறந்துவிடும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வியர்த்துக்கொண்டு நின்றார்கள்.

நூற்றெட்டை எட்டால் வகுத்தால் பதின்மூன்று போக நாலு மிச்சம். அந்த நாலில் இரண்டைத் தொடக்கத்துக்கும் இரண்டை முடிவுக்கும் வைத்தேன். தொடக்கம் மங்கலமாக இருக்க வேண்டும் என்று,

அண்ணா மலையாய் அமர்ந்தாய் போற்றி
கண்ணால் அருளும் கருணை போற்றி

என்று எழுதினேன். ஒரு வரிக்கு நாலு சீர், நாலு அடி எடுத்து வைத்தால் ஒரு பெயர் முடியும். முதல் மூன்றை நான் சொன்னால் கடைசிப் 'போற்றி'யை மற்றவர்கள் சொல்வார்கள், அதற்குள் எனக்கு மூச்சு வந்துவிடும். இரண்டு இரண்டு வரியாக எதுகை. அண்ணா, கண்ணால் என்று இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் அடுத்த வரி தானாக நாக்கில் வரும். எழுதினதைப் பார்க்காமல் நடக்க வேண்டுமென்றால் இதுதான் பிடிமானம்.

ஆனால் அர்த்தம் ஒரு பக்கம் இழுத்தால் ஓசை இன்னொரு பக்கம் இழுக்கும். அக்னிக் குவியலில் "சோதிப் பிழம்பாய் நிமிர்ந்தாய்" என்ற பெயருக்கு ஜோடி கிடைக்காமல் மூன்று நாள் அலைந்தேன். "பாதி உடலைப் பகிர்ந்தாய்" என்பது ஓசைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அம்மைக்குப் பாதி கொடுத்ததற்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அதைத் தள்ளி வைத்தேன். பிறகு பஸ்ஸுக்கு நிற்கும்போது ஞாபகம் வந்தது. தீபத்தன்று மலைமேல் சுடர் ஏறுகிற அந்த நேரத்தில்தானே அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போகிறார். இரண்டையும் சேர்த்து வைத்தேன். அன்றைக்கு மட்டும் நன்றாகச் சாப்பிட்டேன்.

இன்னொரு சிக்கல், பதின்மூன்று ஒற்றைப்படை. ஜோடி போட்டால் ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு பெயர் துணையில்லாமல் நிற்கும். இந்திரனின் கடைசிப் பெயரை அக்னியின் முதல் பெயரோடு எதுகையாக்கிப் பார்த்தேன், பாலம் மாதிரி நின்றது. அதே மாதிரி எமனின் கடைசிக்கும் நிருதியின் முதலுக்கும் ஒரு பாலம் போட்டேன்.

எமன் பகுதியில்தான் எனக்குப் பெருமை ஜாஸ்தி. சின்னதிலிருந்து பெரிதாக ஏறிப் போகும். விஷம் உண்டது, சூலம் எடுத்தது என்று வளர்ந்து, கடைசியில்,

காலனைக் காலால் உதைத்தாய் போற்றி

என்று இடிக்கும். அங்கிருந்து நிருதிக்கு, "வேலியாய் நின்று விலகாய் போற்றி." இருபத்தி மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. அச்சடித்து எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போனேன்.

தங்கை மணிலாக்கொட்டை, வேர்க்கடலைதான், உரித்துக்கொண்டிருந்தாள். நான் படிக்கப் படிக்க அவள் கை தாளத்துக்கு வந்தது, கொட்டையை உரித்து முறத்தில் போடுவதே 'போற்றி'யோடு சேர்ந்து விழுந்தது. இந்திரன் முடிந்து அக்னி முடிந்தது. வாய்விட்டே சொன்னாள். எமனில் குரல் குறைந்தது. நான் கவனிக்கவில்லை, என் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தேன். "காலனைக் காலால் உதைத்தாய்" என்றேன். போற்றி வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கையில் உரிக்காத கொட்டை ஒன்று அப்படியே இருந்தது.

"யாருக்கோ உதைச்சாராம்" என்றாள். "எங்க வூட்டுக்காரர் உசுரக் கேட்டு நான் கொடிமரத்துக்கிட்ட கால்ல விழுந்து கெடந்தேனே, அன்னிக்கி அந்தக் கால் எங்கண்ணா போச்சு?"

நான் அச்சடித்த தாளை மடித்தேன்.

"பஸ் போயிடும், கெளம்பு" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தேன். யாருக்காக எழுத உட்கார்ந்தேனோ அவளை மறந்துவிட்டு எதுகையைப் பார்த்திருக்கிறேன். பதின்மூன்று பெயரையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, அவள் தலையில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன்.

அடுத்த இரண்டு நாளும் மேசையை விட்டு எழுந்திருப்பதும் உட்காருவதுமாக இருந்தேன். அந்தத் துண்டை எடுத்துவிட்டால் பாலம் போயிற்று, வேலி தனியாக நிற்கும், கணக்கு நூற்றேழாகும். ஈசான்யத்துக்கு மாற்றினால் அங்கே முக்திக்கு நடுவில் உதை வருகிறது. அதற்குப் பதிலாக "பாலனைக் காத்தாய்" என்று போட்டுப் பார்த்தேன். அதுவும் அதே கதைதான், யாரோ ஒருவன் பிழைத்த கதை. இதற்கெல்லாம் மேல் ஒரு பயம். சாமி செய்ததை, ஒருத்தி மனம் நொந்தாள் என்பதற்காக நான் நீக்கலாமா? நீக்காமல் அவளைச் சொல்ல வைக்கலாமா?

"அவங்ககிட்டயே கேளுங்களேன்" என்றாள் மனைவி. "பேர் சாமியுதுதான். ஆனா சொல்லப் போற வாய் அவங்களுது."

நான் கேட்பதற்குள் தங்கையே போன் செய்தாள். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"அண்ணா, அந்தப் பேர எடுத்துட்டியா?"

"எடுக்கலாம்னு..."

"எடுக்காத. அவர் உதைச்சது நெசந்தானே. ஆனா எனக்கு நடந்ததும் நெசம். அதையும் ஒரு பேரா போடுவியா?"

"எதை?"

"கால்ல விழுந்தும் குடுக்காதவர்னு."

எதிரே நின்ற பெரியவர், "ஆதார் ரெண்டு பக்கமும் வேணும்பா" என்றார்.

"அது திட்டாயிடும்மா" என்றேன்.

"திட்டுதான். திட்டிக் கூப்பிட்டா என்னா? அத சேத்தா வரேன். இல்லன்னா நீயும் அண்ணியும் போயிட்டு வாங்க."

போனை வைத்த பிறகு ஒரு துண்டு எடுத்து எழுதினேன்: "காலில் விழுந்தும் கொடாதாய் போற்றி." நாலு சீர் தானாக நின்றது. எதுகைக்கு நான் மூன்று நாள் அலைகிறவன், அவள் போனில் சொன்னது அப்படியே காலனுக்கும் வேலிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வரிப் பாலம் மூன்று வரியானது. அதைப் பார்த்து எனக்கு நிம்மதி வரவில்லை. இப்போது நூற்றொன்பது. ஒன்றை எடுக்க வேண்டும்.

எதை எடுப்பது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கடைசி இரண்டு வரியில் முதல் வரி, "நாடிய எல்லாம் நல்குவாய் போற்றி." அவளுடைய பெயர் உள்ளே இருக்கும்போது இதுவும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய். மங்கலமாக முடிய வேண்டும் என்று நான் ஆசையாக வைத்த வரி, என் மனுவில் மிச்சமிருந்ததும் அதுதான் போலிருக்கிறது. எடுத்துவிட்டேன். அதன் ஜோடி, "ஓடி வருவாய் ஒருவா போற்றி" என்பது மட்டும் கடைசியில் எதுகையில்லாமல் நின்றது. அப்படியே அச்சடித்தேன்.

பௌர்ணமியன்று பகல் மூன்று மணிக்கே ராஜகோபுரத்தின் முன்னால் தங்கை வந்து நின்றாள். நல்ல கூட்டம். இந்திரன், அக்னி எல்லாம் சரியாகப் போயிற்று. செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டினதும் என் கால் தாளம் தப்ப ஆரம்பித்தது. பக்கத்தில் நடக்கிறவர்கள் கேட்டால் என்ன சொல்வார்கள், கேட்கிற அண்ணாமலையார் என்ன நினைப்பார் என்று இரண்டு பயமும் சேர்ந்து நடந்தது. எம லிங்கத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு எமன் பகுதியைத் தொடங்கி, அதன் கடைசிப் பெயருக்கு வந்தேன்.

"காலனைக் காலால் உதைத்தாய்..."

மனைவி மட்டும் போற்றி என்றாள்.

அடுத்த வரிக்கான நாலு அடியும் நான் சொல்லாமலே சும்மா போயிற்று. தங்கை என்னைப் பார்க்கவில்லை, வலது பக்கம் மலையைப் பார்த்தபடி அவளே சொன்னாள். கூட்டத்தில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். "காலில் விழுந்தும் கொடாதாய்" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "போற்றி" என்றும் அவளே முடித்தாள். சத்தமாகத்தான் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். அவள் சொன்னது தப்பா, சொல்ல வைத்தது தப்பா என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் அது முழுதாக அடங்கவில்லை.

"என்னாண்ணா, நிறுத்திட்ட?" என்றாள். "வேலியாய்னு வருமே, சொல்லு."

சொன்னேன். அவள் போற்றி என்றாள்.