செக்போஸ்ட் சாரும் பதினாலாம் வாக்கியமும்

“என் மேசையைத் தாண்டி, ‘to’வுக்கும் அதோட வினைக்கும் நடுவுல ஒரு அட்வெர்ப் உயிரோட வெளியே போனதா சரித்திரமே கிடையாது. நான் இருக்கிற வரைக்கும் போகவும் போகாது.”

இப்படி முழங்கியவர் போர்க்களத்தில் நிற்கவில்லை. மூன்றாம் மாடியில், ஒரு கால் ஆடும் மேசைக்குப் பின்னால், மின்விசிறி நேராக மண்டையில் படாதபடி நாற்காலியைக் கொஞ்சம் கோணலாகப் போட்டு உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் ஆங்கிலப் புத்தகங்களைத் திருத்தி அனுப்பும் அலுவலகம் அது. புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் திருத்தப் பயிற்சி கொடுப்பதும், பயிற்சி முடிவில் தேர்வு வைத்துத் தாள் திருத்துவதும் அவர் வேலை. ஒவ்வொரு புதுக் கூட்டத்துக்கும் முதல் நாள் இந்த முழக்கம் கட்டாயம். அதனால் அவருக்குச் ‘செக்போஸ்ட் சார்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. ‘to’வும் வினைச்சொல்லும் புருஷன் பெண்டாட்டி. ‘to read’ என்றால் அவர்கள் பாட்டுக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ‘to quickly read’ என்று எழுதினால், பேருந்தில் தம்பதிக்கு நடுவே “கொஞ்சம் தள்ளிக்கங்க” என்று புகுந்து உட்காரும் ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி அந்த ‘quickly’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. சித்தப்பாவை எழுப்பி வாக்கியத்தின் கடைசி சீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான். சிவப்புப் பேனாவால் ஒரு கோடு, ஒரு அம்பு, கதை முடிந்தது.

ஆள் கண்மூடித்தனமானவர் என்று நினைத்துவிடக் கூடாது. ‘to be fully ready’ என்று வந்தால் கை வைக்க மாட்டார். அங்கே வினை ‘be’. அது ‘to’வின் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கிறது. ‘committed to promptly answering’ என்று வந்தாலும் விட்டுவிடுவார். அது வேறு ‘to’, அதற்குக் கல்யாணமே ஆகவில்லை என்பார். இந்த நுணுக்கம் தெரியாமல் எல்லாவற்றையும் வெட்டுகிற, பயிற்சிக்கு வந்தவர்களை அவர் பார்க்கும் பார்வையில் பால் திரிந்துவிடும்.

வாடிக்கையாளர் நிறுவனம் அனுப்பிய விதிமுறைப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. பொருள் தெளிவாகும் என்றால் அட்வெர்ப் நடுவிலேயே இருக்கலாம், இந்தத் தடை ஒரு பழைய பழக்கமே தவிர இலக்கணச் சட்டம் அல்ல என்று அதில் ஒரு பத்தி உண்டு. செக்போஸ்ட் சார் அந்தப் புத்தகத்தைப் பெரிதும் மதித்தார். ஆடும் மேசைக் காலுக்கு அதைவிடப் பொருத்தமான தடிமன் வேறு எதற்கும் இல்லை.

தேர்வுத் தாளில் இருபது வாக்கியங்கள். சிலவற்றில் பிழை இருக்கும், சிலவற்றில் இருக்காது. பிழையைத் திருத்தாமல் விட்டாலும் மார்க்கில் அடி, சரியானதைத் தொட்டுக் கெடுத்தாலும் அடி. அடித்த சொல்லை மறுபடி வைத்துக்கொள்ள நினைத்தால், அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைக்க வேண்டும். ‘இருக்கட்டும்’ என்று அர்த்தம். இந்தப் புள்ளிகளையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தன் கோட்டுக்குக் கீழே தானே புள்ளி வைத்துக்கொள்ளும் அவசியம் அவருக்கு வாய்த்ததில்லை.

இப்போது அவர் மேசைக்கு வந்திருந்த தாள்கட்டில் தலைவலி ஒன்றே ஒன்று. டைப்பிஸ்ட் அம்மாவின் தாள்.

டைப்பிஸ்ட் அம்மா வக்கீல் ஆபீசில் வெகுகாலம் தட்டச்சு செய்தவர். அந்த வக்கீல் தன் தொழிலை விட்டதும் இங்கே பயிற்சிக்கு வந்தார். கணவர் வேலைக்குப் போகும் நிலையில் இல்லை. வீடு இவர் கையை நம்பித்தான் ஓடுகிறது. ஏற்கெனவே இரண்டு முறை தேர்வில் மயிரிழையில் தவறியாயிற்று. மூன்றாவது முறையும் தவறினால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்பது அலுவலக விதி. இரண்டு முறையும் காலை வாரியது பதினாலாம் வாக்கியம்:

‘The school decided to gradually stop using the desks it had bought.’

இரண்டு முறையும் அவர் அதைத் தொடவே இல்லை. போன தடவை தாளோடு நேரே வந்துவிட்டார்.

“சார், கோச்சுக்காதீங்க. நீங்க சொல்ற மாதிரி ‘gradually’ய கடைசியில போட்டா, மேசையைத்தான் கொஞ்சம் கொஞ்சமா வாங்கினாங்கன்னு ஆயிடுதே?”

“ஆகட்டுமே. வாக்கியத்துல தப்பு இருக்கா?”

“தப்பு இல்ல சார். ஆனா அவங்க மெதுவாப் பண்றது நிறுத்துறதைத்தானே?”

“அம்மா, நீங்க மேசையைப் பாக்காதீங்க. ‘to’வைப் பாருங்க.”

பக்கத்து இருக்கைக்காரர் இதைக் கேட்டு இருமுவது போல் சிரித்தார். எங்கும் முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாமல் பேசிக்கொண்டே போவதால் அவருக்குக் ‘கமா’ என்று பெயர். இரண்டாம் மதிப்பீட்டாளர் அவர். செக்போஸ்ட் சார் திருத்திய தாளை இன்னொரு முறை முழுதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியது அவர் கடமை. கையெழுத்திடுவதை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

டைப்பிஸ்ட் அம்மா போன பிறகு கமா சொன்னார்: “பாவம்ல சார், ஒரு மார்க்குதான், போட்டு விட்டுடலாம்ல, யாரு கேக்கப் போறா, நான் எப்பவும் போல போட்டுடுவேன் கையெழுத்து.”

“பாவம் பாத்தா பாஷை நாறிடும்” என்றார் செக்போஸ்ட் சார். சொன்ன பிறகு அவருக்கே அலுப்பாக இருந்தது. இந்த வசனத்தை எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று.

மூன்றாம் தேர்வுத் தாள்கள் வந்த அன்று, சாயங்காலம் அவர் தாள்கட்டைத் தொடாமல் வீட்டுக்குப் போனார். வீட்டில் அவரும் அக்காவும்தான். கதவைத் திறந்தால் அக்கா சமையலறைத் தரையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தட்டு கவிழ்ந்து கிடந்தது. முழங்கையில் சிராய்ப்பு.

“என்னக்கா இது!”

“ஒண்ணுமில்லடா. தலை சுத்திச்சு, உக்காந்துட்டேன். எழுந்திரிக்கச் சோம்பேறித்தனம்.”

தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார். அக்காவுக்கு வைத்தியம் பார்க்கிற மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். எதிர்முனையில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: “மாத்திரையை நிறுத்திட்டாங்களா?”

“அக்கா, மாத்திரையை நிறுத்திட்டியா?”

“ஆமா. மூணு நாளாச்சு. நிறுத்தச் சொல்லித்தானே சீட்டுல போட்டிருந்தாங்க?”

நர்ஸ் பெருமூச்சு விட்டார். “ஒரேயடியா நிறுத்தக் கூடாது சார். படிப்படியாத்தான் குறைக்கணும். இப்ப ஒண்ணு குடுங்க, காலையில கூட்டிட்டு வாங்க. சீட்டுல தெளிவா இருக்குமே?”

சீட்டு குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழே ஒட்டியிருந்தது. மருத்துவமனை அச்சடித்துக் கொடுத்த ஒற்றை வரி: ‘You need to gradually stop taking the tablets you were given.’ அதை அவரும் நன்றாகவே அறிவார். மூன்று நாள் முன்பு, தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தபோது கண்ணில் பட்டது. சட்டைப் பையில் பேனா இருந்தது. கை அதுபாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டது. ‘gradually’ மேல் சிவப்புக் கோடு, ஒரு அழகான அம்பு, வரியின் கடைசியில் ‘given’ என்பதை அடுத்துத் தெளிவான கையெழுத்தில் ‘gradually’. திருத்திவிட்டுத் தண்ணீர் குடித்த ஞாபகமும் இருக்கிறது.

“நீதானே சிவப்புல திருத்தி வச்சிருந்த?” என்றார் அக்கா கட்டிலிலிருந்து. “அப்பதான் எனக்கே விளங்குச்சு. கொஞ்சம் கொஞ்சமா குடுத்த மாத்திரையை நிறுத்துன்னு. ஆமா, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாத்தானே குடுத்தாங்க! டாக்டர் மாஸ்க்குக்குள்ள என்னமோ முணுமுணுன்னு சொன்னார், அது யாருக்குக் கேட்டுச்சு? சரி, தம்பி இங்கிலீஷ்ல புலி, பாத்து எழுதியிருப்பான்னு அன்னிக்கே நிறுத்திட்டேன்.”

புலி மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தது.

“ஏண்டா மூஞ்சி இப்படித் தொங்குது? விழுந்தவ நான்.”

“ஒண்ணுமில்லக்கா. தூங்கு.”

மறுநாள் காலை அக்காவை மருத்துவமனையில் காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு, வீட்டில் விட்டுவிட்டு, மதியத்துக்குத்தான் அலுவலகம் வந்தார். கட்டைப் பிரித்தார். பழக்கதோஷம், வரிசையாகக் கை ஓடியது. டைப்பிஸ்ட் அம்மாவின் தாளும் வந்தது. பதினாலாம் வாக்கியம் வந்தது. சித்தப்பா நடு சீட்டில் இருக்கிறார் என்று கண்டதும் கை தானாக ‘gradually’யைச் சிவப்பில் அடித்து, ஓரத்தில் பெருக்கல் குறியும் போட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் கவனித்தார்.

இந்தத் தடவை அம்மா தொடாமல் விடவில்லை. பென்சிலால் ‘gradually’யை அடித்து, அம்பு போட்டு, அவர் ஆசைப்பட்ட கடைசி சீட்டுக்கே அனுப்பியிருந்தார். பிறகு அம்பை அழித்துவிட்டு, அடித்த சொல்லுக்குக் கீழே சின்னச் சின்னதாகப் புள்ளி வைத்திருந்தார். வேலை போய்விடும் என்று தெரிந்தே வைத்த புள்ளிகள். காகிதம் அந்த இடத்தில் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

செக்போஸ்ட் சார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துச் சித்தப்பாவை ஒவ்வொரு சீட்டாக உட்காரவைத்துப் பார்த்தார். ‘decided gradually to stop’ என்றால், பள்ளிக்கூடம் முடிவெடுக்கவே மாமாங்கம் ஆயிற்று என்றாகிறது. ‘to stop gradually using’ என்றால், அதுவரை மேசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்தி வந்தார்கள் என்றும் படிக்கலாம். ‘to stop using gradually’ போட்டாலும் அதே கதை. கடைசி சீட்டின் லட்சணம் குளிர்பெட்டிக் கதவிலேயே தெரிந்துவிட்டது. பேருந்து முழுக்கத் தேடினாலும் அந்த மனிதருக்குத் தம்பதிக்கு நடுவே மட்டும்தான் இடம் இருந்தது. வாக்கியத்தையே உடைத்து வேறு மாதிரி எழுதலாம்தான். ஆனால் உடைக்கும்படி அதில் எந்தப் பழுதும் இல்லை.

திருத்துவதற்காக அவரே எழுதி வைத்திருந்த மாதிரி விடைத்தாளில் பதினாலாம் விடை இருந்தது: ‘the desks it had bought gradually.’ இத்தனை கூட்டங்களும் இதை எழுதித்தான் தேறிப் போயின. பிழையே இல்லாத ஆங்கிலம். அந்த மேசைகளைத்தான் யாரும் பார்க்கவில்லை.

மற்ற பத்தொன்பதையும் கூட்டினார். தேறுவதற்கு ஒன்று குறைந்தது. வழக்கம்போல அதே ஒன்று.

“என்ன சார், ரொம்ப நேரமா ஒரே தாளு, டீ வேற ஆறுது, நானும் நாலு மணிக்குக் கிளம்பணும், கையெழுத்து போடணும்” என்றார் கமா.

செக்போஸ்ட் சார் பேனாவைத் திருகினார். அம்மாவின் பென்சில் புள்ளிகளின் மேலேயே, தன் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார். ஓரத்துப் பெருக்கல் குறியை வட்டமிட்டு அடித்து, பக்கத்தில் சரிக்குறி போட்டார். மாதிரி விடைத்தாளையும் இழுத்து, தன் விடையின் மேல் ஒரு கோடு கிழித்தார். பிறகு தாளைக் கமா பக்கம் நகர்த்தினார்.

கமா வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்திடப் போய், சிவப்புப் புள்ளிகளைக் கண்டு, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு தாளைக் குனிந்து பார்த்தார்.

“சார், இது இப்படியே போகலாமா?”

“போகட்டும்” என்றார் செக்போஸ்ட் சார்.